புது கார் வாங்குறீங்களா? கொட்டேஷனில் ஒளிந்திருக்கும் ரூ.43,500... கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை!

"ஆன்-ரோடு மொத்தம் இவ்ளோதான் சார், இன்னைக்கே புக் பண்ணிடுங்க!" ஷோரூமில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆனால் பேரம் பேச வேண்டியது அந்த மொத்தத் தொகையை வைத்து அல்ல. அதைப் பிரித்து, ஒவ்வொரு வரியாகப் பேச வேண்டும்.

உதாரணமாக, எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.8 லட்சம் உள்ள ஒரு கார். ஜிஎஸ்டி இதிலேயே அடங்கிவிடும். அதற்குக் கீழே இன்சூரன்ஸ் ரூ.46,000, ஹேண்ட்லிங் சார்ஜ் ரூ.9,500, ஆக்சஸரீஸ் ரூ.22,000 என்று போட்டிருக்கிறார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் யாருக்கு?

சாலை வரிக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் அரசு ரசீது உண்டு. ஹேண்ட்லிங் சார்ஜுக்கு அப்படி எதுவும் கிடையாது; அது டீலருக்குப் போகும் பணம். "ரசீது காட்டுங்க" என்று கேட்டாலே பல இடங்களில் இந்த வரி காணாமல் போகும். ஆக்சஸரீஸ் பேக்கேஜும் கட்டாயம் இல்லை.

இன்சூரன்ஸில் எவ்வளவு மிச்சம்?

இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புது காருக்குக் கட்டாயமான 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் எங்கு எடுத்தாலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது சொந்த சேதக் காப்பீட்டிலும் ஆட்-ஆன்களிலும்தான். அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்களுக்கு வெளியே ரூ.34,000 என்றால், ரூ.12,000 மிச்சம். மூன்று வரிகளையும் சேர்த்தால் ரூ.43,500!

பழைய காருக்கு உண்மையான விலை என்ன?

"உங்க வண்டிக்கு 3,05,000 தர்றோம்" என்கிறார் டீலர். அதில் ரூ.25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ். அப்படியானால் காருக்கு அவர் போட்ட மதிப்பு ரூ.2,80,000 மட்டுமே. வெளியே ரூ.3,10,000-க்குக் கேட்கிறார்கள் என்றால், மதிப்பீட்டில் ரூ.30,000 குறைத்திருக்கிறார். எனவே வெளிவிலையை முதலில் கையில் வைத்துக்கொண்டு, போனஸைத் தொடாமல் மதிப்பை மட்டும் உயர்த்தச் சொல்ல வேண்டும். பழைய காரின் 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். அதற்கான சான்றிதழை வாங்கிவிட்டால், புது காரின் சொந்த சேத பிரீமியத்தில் 50% வரை குறையும்.

எப்போது பேசலாம்?

விற்பனை இலக்கை முடிக்க வேண்டிய மாதக் கடைசி நல்ல நேரம். டிசம்பரில் தள்ளுபடி கூடும். ஆனால் ஜனவரி வந்ததும் அது 'போன வருஷ வண்டி'. மறுவிற்பனையில் விலை அடிபடும். அதனால் தயாரிப்பு மாதத்தைப் படிவம் 22-இல் பார்த்துவிட்டு, தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுமா என்று கணக்குப் போட வேண்டும்.

முக்கியமாக, ஒப்புக்கொண்ட எல்லாம் கொட்டேஷனில் எழுத்தாக வந்த பிறகே அட்வான்ஸ். பணம் கைமாறிவிட்டால் பேரம் பேசும் பலம் டீலர் பக்கம் போய்விடும்.