24-ஆம் தேதி காணாமல் போன வட்டி

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு கூடும்போதெல்லாம் நாளிதழ்களில் ஒரே ஒரு எண்தான் தலைப்பாகிறது: வட்டி விகிதம். 2021-22-இல் அது 8.1 சதவீதம்; 2023-24-இல் 8.25 சதவீதம். ஆனால், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உறுப்பினரின் பணத்தைத் தீர்மானிக்கும் வரிகள் வேறு பக்கங்களிலும் இருக்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று நடந்த 236-ஆவது கூட்டம் அதற்கு நல்ல சான்று.

கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளியில் குடியிருந்து, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய பி.எஃப். கணக்கில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. அவருடைய விண்ணப்பத்துக்கு அலுவலகம் 20-ஆம் தேதி பணம் வழங்குகிறது. பழைய விதிப்படி, 24-ஆம் தேதிக்குள் பணம் கொடுத்தால் முந்தைய மாதக் கடைசி வரைதான் வட்டி. 8.25 சதவீதத்தில் அவர் பணத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 ரூபாய் வட்டி சேரும். ஆக, 20 நாளில் சுமார் 1,800 ரூபாய் அவர் கைக்கு வராமல் போகும்.

இந்த இழப்பு கூடிவிடக் கூடாது என்பதற்காகவே, வட்டி சேர வேண்டிய விண்ணப்பங்களை 25-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை அலுவலகங்கள் நிறுத்தி வைத்தன. உறுப்பினரைக் காக்க வந்த ஏற்பாடு தாமதமாக மாறியது. மாதந்தோறும் சில நாள் வேலை தேங்க, நிலுவை கூடியது. "பணம் எப்போது வரும்?" என்ற புகாரின் வேர்களில் ஒன்று, யாருடைய மெத்தனமும் அல்ல, வட்டி கணக்கிடும் விதிதான். பணம் வழங்கும் நாள் வரை வட்டி கொடுக்கலாம் என்று 236-ஆவது கூட்டம் ஒப்புதல் அளித்தது. ஒரே திருத்தத்தில் இழப்பு, தேக்கம் இரண்டுக்கும் தீர்வு.

அதே கூட்டத்தில் முதலீடு பற்றியும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நிதியின் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. 2015 முதல் ஒரு சிறு பகுதி இ.டி.எஃப். வழியாகப் பங்குச் சந்தைக்குப் போகிறது. பத்திரத்தின் வட்டி ஆண்டுதோறும் வரவாகும். பங்கின் விலை எவ்வளவு ஏறினாலும், விற்றால்தான் அது வரவு. ஆகவே, எப்போது, எவ்வளவு விற்பது என்ற முடிவும் வட்டி விகிதத்தில் கலந்திருக்கிறது. 2019-20-க்கான 8.5 சதவீதத்தை முதலில் இரண்டாகப் பிரித்தே அறிவித்தார்கள்: 8.15 சதவீதம் கடன் பத்திர வருமானத்திலிருந்து, மீதி 0.35 சதவீதம் இ.டி.எஃப். விற்பனையிலிருந்து. அறங்காவலர்கள் பரிந்துரைக்கும் விகிதத்துக்கு நிதி அமைச்சகத்தின் இசைவும் வேண்டும். எனவே 8.25 என்பதைச் சந்தை தானாகத் தந்த விளைச்சலாக எடுத்துக்கொள்ள முடியாது. அது ஒரு முடிவு. 236-ஆவது கூட்டமோ, இ.டி.எஃப். விற்ற தொகையில் பாதியை சி.பி.எஸ்.இ., பாரத் 22 ஆகிய இ.டி.எஃப்.களில் மறுபடி போட்டு, குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வழிசெய்தது. இரண்டிலும் அரசு நிறுவனப் பங்குகளுக்கே பெரும் இடம். ஐந்தாண்டுக்குப் பிந்தைய வட்டியின் ஒரு பகுதி அவற்றின் போக்கைப் பொறுத்தது.

இந்த வட்டிக்கும் மாத ஓய்வூதியத்துக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதைப் பலரும் அறிவதில்லை. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் தனிநபர் கணக்கில் வட்டி சேர்வதில்லை. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே சூத்திரம். உச்ச வரம்பான 15,000 ரூபாய் சம்பளத்தில் 15 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 3,214 ரூபாய். 2014-இல் வைத்த குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். நிதியின் வருமானம் உயர்ந்தாலும் சூத்திரத்தையோ குறைந்தபட்சத்தையோ திருத்தாமல் இந்தத் தொகை உயராது.

கூட்டக் குறிப்பின் புகார்ப் பகுதியைப் படிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். "இத்தனை சதவீதம் தீர்க்கப்பட்டது" என்ற வரி, பணம் கைக்கு வந்ததைச் சொல்கிறதா, புகார் முடித்து வைக்கப்பட்டதைச் சொல்கிறதா? ஆதாரில் தந்தை பெயர் விரிந்தும் பி.எஃப். கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் கிளைம் திரும்பும். முந்தைய முதலாளி, வேலையை விட்ட தேதியைப் பதியாவிட்டாலும் சிக்கல்தான். காரணத்தைச் சொல்லித் திருப்பினால் அலுவலகக் கோப்பு முடிந்துவிடும். தொழிலாளியின் அலைச்சல் அப்போதுதான் தொடங்கும்.

ஆகவே, குழுவில் உட்காரும் தொழிலாளர் பிரதிநிதிகள் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பட்டியல்களைக் கேட்டுக் குறிப்பில் பதிவு செய்ய வேண்டும். வட்டியில் எவ்வளவு பத்திர வருமானம், எவ்வளவு பங்கு விற்ற பணம் என்பது ஒன்று. திருப்பப்பட்ட விண்ணப்பங்கள் காரண வாரியாக எத்தனை, மண்டல அலுவலக வாரியாக எத்தனை என்பது மற்றொன்று. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், 24-ஆம் தேதி விதியைப் போல, திருத்த வேண்டிய விதி எது என்பதை அந்தப் பட்டியலே காட்டிவிடும்.