வழியனுப்பச் செல்வோர்க்கு ஒரு சீட்டு

வடமராட்சியைச் சேர்ந்த வாசகி ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறு வினாவை விடுத்திருக்கின்றார். அவருடைய தாயாரும் சிறிய தாயாரும் தலயாத்திரையாகத் தமிழ்நாட்டிற்குச் செல்கின்றனர். சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு இரவு வண்டியில் இடம் பதிவாகியிருக்கின்றது. சென்னையிலே படிக்கும் மகனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் அவர்களை ஏற்றிவிடச் செல்வர். “இம்மூவரும் மேடைக்குச் செல்லச் சீட்டு வேண்டுமா? வேண்டுமாயின் அது எவ்வளவு நேரம் செல்லும்? முதியோரை ஏற்றிவிடுவதற்கு ஏதேனும் சலுகை உண்டா?” என்பதே வினா.

சிறு வினாவெனினும், இதனை அறியாமையால் நாமே ஒருமுறை வருந்தியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ்நாட்டின் பெரிய புகைவண்டி நிலையமொன்றில் எம் பெரிய தாயாரை ஏற்றிவிடச் சென்றோம். வண்டி இரவு 9.40 மணிக்கு. முதியவரை அவசரப்படுத்தலாகாது என்றெண்ணி மாலை 6.50 மணிக்கே நிலையத்தை அடைந்து, மேடைச் சீட்டையும் உடனேயே வாங்கிவிட்டோம். இரவு 9.10 மணிக்குப் பரிசோதகர் ஒருவர் வந்து சீட்டைக் கேட்டார். அதை விளக்கின் கீழே பிடித்து நோக்கிவிட்டு, “இது 8.50க்கே முடிந்துவிட்டதே, ஐயா” என்றார். நாம் அவரோடு வாதாடிக்கொண்டிருந்த வேளையிலே வண்டி மேடைக்கு வந்தது. சுமைகாரர் பெட்டியுடன் முன்னே சென்றுவிட, பெரிய தாயார் கூட்டத்தின் நடுவே தனித்து நின்றார். பரிசோதகர் மீது குற்றமில்லை, குற்றம் நம்முடையதே. நாம் செலுத்திய தண்டப் பணத்தை மறந்துவிட்டோம். அவர் நின்ற நிலையை மறக்கவில்லை.

ஆகவே விதியை முதலிற் கூறுவோம். இங்கே கூறப்படுவன இந்திய ரயில்வேக்கு உரியவை. பிரயாணச் சீட்டு இல்லாமல் மேடையில் கால் வைக்கும் எவருக்கும் மேடைச் சீட்டு வேண்டும். வழியனுப்ப வருபவர்க்கும், வருபவரை எதிர்கொள்ள வருபவர்க்கும் இது பொருந்தும். அன்றைய வண்டிக்குரிய பிரயாணச் சீட்டை வைத்திருப்பவர்க்கு வேறு சீட்டு வேண்டியதில்லை. ஒரு சீட்டு ஒருவர்க்கே உரியது. எனவே வாசகியின் தாயாருக்கும் சிறிய தாயாருக்கும் அவர்தம் பிரயாணச் சீட்டே போதும். மகனுக்கும் நண்பர் இருவருக்கும் மூன்று மேடைச் சீட்டுகள் வேண்டும். சீட்டொன்றின் விலை பத்து ரூபாய். 2015 ஏப்பிரலில் ஐந்து ரூபாயிலிருந்து இவ்விலைக்கு உயர்த்தப்பட்டது. கூட்டம் பெருகும் காலங்களிற் சில நிலையங்களில் விலையைத் தற்காலிகமாக உயர்த்துவதுண்டு. 2022 ஒக்டோபர் முதல் 2023 சனவரி முடியும்வரை எழும்பூர் உட்படச் சென்னைக் கோட்டத்தின் எட்டு நிலையங்களில் இருபது ரூபாயாக இருந்தது. ஆகையாற் சில்லறைப் பணம் சற்று மிகுதியாக வைத்திருத்தல் நன்று.

இனி, பலரும் தவறுகின்ற இடத்திற்கு வருவோம். மேடைச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும். அந்த இரண்டு மணி நேரமும் சீட்டு வழங்கப்பட்ட நிமிடத்திலிருந்து கணக்கிடப்படுகின்றது. வண்டி புறப்படும் நேரத்திலிருந்தன்று, நீங்கள் மேடைக்குள் நுழைந்த நேரத்திலிருந்துமன்று. வழங்கிய நேரம் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாங்கியவுடன் அதை வாசித்து, இரண்டு மணியைக் கூட்டி, முடியும் நேரத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வாசகியின் குடும்பத்தையே உதாரணமாகக் கொள்வோம். வண்டி இரவு 9.40க்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் எட்டு மணிக்கே நிலையத்திற்கு வந்து இளைப்பாறட்டும், அதில் தவறில்லை. ஆனால் மகன் உடனே சீட்டுச் சாளரத்திற்கு ஓடவேண்டாம். எட்டு மணிக்கு வாங்கினால் அது பத்து மணிக்கு முடியும். வண்டி நேரத்திற்குப் புறப்பட்டால் இருபது நிமிடம் மிஞ்சும். அரை மணி நேரம் தாமதித்தாலோ சீட்டு முந்திவிடும். ஆகவே முதலில் அறிவிப்புப் பலகையிலே வண்டி நேரத்திற்கு உள்ளதா என்று பார்க்கட்டும். நேரத்திற்கு உள்ளதெனின் 8.40 அளவில் மூன்று சீட்டுகளை வாங்கட்டும். அது 10.40 வரை செல்லும். வண்டி அனுப்பியபின் கூட்டம் கலைந்து அமைதியாக வெளியே வரவும் அவகாசம் இருக்கும். வெளியேறும் வாயிலிலும் சீட்டைக் கேட்கலாம் என்பதை மறக்கலாகாது.

வண்டி இரவு 11.10க்குத்தான் புறப்படும் என்று பின்னர் அறிவித்துவிட்டால்? 8.40க்கு வாங்கிய சீட்டு அதுவரை தாங்காது. மகன் வெளியே சென்று புதிய சீட்டுகளை வாங்கி வருவதே முறை. மூவரும் ஒருங்கே சென்றுவிடாமல், ஒருவர் எப்போதும் முதியோரின் அருகில் இருக்கவேண்டும். பழைய சீட்டைக் காட்டி “வண்டிதானே தாமதம்” என்று நியாயம் பேசுவதனாற் பயனில்லை. செல்லுபடியான சீட்டின்றி அகப்படுவோரிடம் வண்டிக் கட்டணத்துடன் 250 ரூபாய்க்குக் குறையாத மேலதிகக் கட்டணமும் கேட்கப்படலாம். பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் அதனினும் பன்மடங்கு இழப்பது அறிவுடைமையாகாது.

சீட்டை முன்பதிவில்லாச் சீட்டு வழங்கும் சாளரத்திலோ, பெரிய நிலையங்களிலுள்ள தானியங்கி இயந்திரத்திலோ வாங்கலாம். ரயில்வேயின் கைப்பேசிச் செயலி மூலமும் பெறலாம். மாலை வேளையிற் சாளரத்தின் முன் நீண்ட வரிசை நிற்பதால், அங்கேயே வாழும் உறவினர் ஒருவரின் கைப்பேசி பேருதவியாக இருக்கும்.

மூன்றாவது வினா முதியோர் பற்றியது. முதியவருடன் வருபவர் என்ற காரணத்தாற் சாதாரண நாட்களில் மேடைச் சீட்டு விலக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு சந்தர்ப்பத்தில் அவர்களுக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டதுண்டு. 2024 ஒக்டோபர் இறுதியில் மும்பாய் பாந்திரா நிலையத்தில் நெரிசலால் பலர் காயமுற்றதை அடுத்து, தீபாவளிக் காலத்தில் அந்நகரின் பெரிய நிலையங்களில் மேடைச் சீட்டு விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. அப்பொழுதும் முதியோருக்கும் நோயுற்றோருக்கும் துணையாக வருபவர்க்கு விலக்கு அளித்தனர். ஆகவே பண்டிகைக் காலத்திற் செல்வோர், “சீட்டு இல்லை” என்ற பலகையைக் கண்டவுடன் திரும்பிவிடாமல், முதியவரையும் அவருடைய பிரயாணச் சீட்டையும் காட்டி விசாரணை அலுவலகத்திற் கேட்டுப்பார்க்க வேண்டும். அத்தகைய வேளையில் மூவர் செல்ல முயலாது ஒருவர் மட்டும் செல்வதே பொருத்தம்.

இனிக் கூறப்போவது யாவற்றினும் முக்கியமானது. மேடைச் சீட்டு மேடையில் நிற்பதற்கே உரிமை தருகின்றது. வண்டிக்குள் ஏறுவதற்கு உரிமை தருவதில்லை. ஆனால் எழுபது வயதுத் தாயைப் படியில் ஏற்றிவிட்டு, பெட்டியை அவர் கையிற் கொடுத்துக் கீழே நிற்கும் மகன் யார்? உள்ளே சென்று படுக்கையைக் காட்டி, பெட்டியைக் கீழே தள்ளி, தண்ணீர்ப் போத்தலை அருகில் வைத்துவிட்டு வரவே எவரும் விரும்புவர். உத்தியோகத்தரும் முதியோர் விடயத்திற் பெரும்பாலும் கண்டும் காணாமலும் இருப்பர். அது கருணை, உரிமையன்று. அதன் ஆபத்தை ஏற்பவர் ஏறுபவரே.

அந்த ஆபத்து யாது? வண்டி நகர்ந்துவிடுதல். பழைய வண்டிகளிற் கதவு திறந்தே இருப்பதால், ஓடும் வண்டியிலிருந்து குதிக்க முயன்று சக்கரத்துக்கும் மேடைக்கும் இடையில் வீழ்வோர் உளர். வந்தே பாரத் வண்டிகளிலோ கதவுகள் தாமே மூடிக்கொள்ளும். மூடியபின் பயணி விரும்பியவாறு திறக்க இயலாது. 2023 சனவரியில் ஆந்திராவின் ராஜமகேந்திரவரம் நிலையத்திற் படம் எடுப்பதற்காக அத்தகைய வண்டியில் ஏறிய ஒருவர், கதவு மூடிக்கொண்டமையால் இறங்க முடியாது விஜயவாடா வரை செல்ல நேர்ந்தது.

இவ்வாறு அகப்பட்டுக்கொண்டால் குதிக்கவே கூடாது. கழிவறையில் ஒளிவதும் தகாது. பரிசோதகரைத் தாமே தேடிச்சென்று மேடைச் சீட்டைக் காட்டி நடந்ததைச் சொல்லவேண்டும். வண்டிக் கட்டணமும் மேலதிகக் கட்டணமும் கட்ட நேரும். ஆயினும் எந்த நிலையத்தில் ஏறினார் என்பதற்கு மேடைச் சீட்டே சான்றாக இருப்பதால், வண்டி புறப்பட்ட முதல் நிலையத்திலிருந்து கட்டணம் கணக்கிடப்படும் இக்கட்டு நீங்கும். வழியனுப்பி முடியும்வரை அச்சீட்டைக் கசக்கி எறியாதிருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வாசகியின் மகனுக்கு நாம் சொல்லும் ஒழுங்கு இது: பிரயாணச் சீட்டில் உள்ள பெட்டியின் எழுத்தையும் எண்ணையும் பார்த்து, அப்பெட்டி மேடையில் எவ்விடத்தில் நிற்கும் என்பதைக் காட்டும் பலகையின் கீழே முதியோரை முன்னரே அமர்த்தி வைக்க வேண்டும். வண்டி வந்தபின் பத்துப் பெட்டிகளைக் கடந்து அவர்களை ஓடவைப்பதே இடர்களுக்கெல்லாம் தொடக்கம். நடக்க இயலாதவராயின் சக்கர நாற்காலிக்கு நிலைய அலுவலகத்தில் முன்னரே கேட்டுவைக்க வேண்டும். உள்ளே ஏறவேண்டியது அவசியமெனின் ஒருவர் மட்டும் ஏறட்டும். நண்பர் இருவரும் சாளரத்தருகே மேடையில் நிற்கட்டும். புறப்படும் நேரத்திற்குப் பத்து நிமிடம் முன்னரே, வண்டி அசையும் என்ற குறிப்பு இல்லாதபோதே, அவர் இறங்கிவிட வேண்டும். பக்கத்துப் படுக்கையிலுள்ள குடும்பத்தவரிடம் “அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு சொல் சொல்லி இறங்குதல் பத்து நிமிடம் கூட நிற்பதினும் மேலான உதவி.

அன்றிரவு நாம் தண்டம் கட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, பெரிய தாயாரை இடத்தில் இருத்தினோம். அவரோ தம் களைப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “நீ இறங்கு மோனை, வண்டி வெளிக்கிடப் போகுது” என்று எம்மையே விரட்டினார். நாம் இறங்கிச் சாளரத்தருகே வந்து நின்றபோது, கம்பிகளினூடாகக் கையை நீட்டினார். வண்டி நகர்ந்தது. கையிலிருந்த காலங்கடந்த சீட்டை அதன் பின்னரே பார்த்தோம். 6.50 என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது.