பரிந்துரைக்குப் பக்க எண் எங்கே?

எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்காக நம் கடைகளுக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கும் மேல்மலைக் கிராமங்களுக்கும் மளிகைச் சரக்கு அனுப்பும் எங்களிடமும் சென்ற ஆண்டு ஒரு குழு வந்தது. இரண்டு மாதம் கடை கடையாக விசாரித்து அறிக்கை தந்தார்கள். விசாரித்து எழுதிய பகுதி நன்றாகவே இருந்தது. கடைசியில் இருந்த பரிந்துரைகளில்தான் கோளாறு. கொடைக்கானல் என்பதை அடித்துவிட்டுக் கும்பகோணம் என்று எழுதினாலும் அவற்றில் ஒரு வரி மாறாது.

அறிக்கையைப் பரணில் போடாமல், பிள்ளைகளையே உட்கார வைத்துத் திருத்தினோம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே, அதற்குக் காரணமான தகவல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எண் போடச் சொன்னோம். எண் கிடைக்காததை அடித்தோம். எண் கிடைத்தவற்றுக்கு, யார் செய்வது, யார் பணத்தில், எந்த மாதத்தில் என்று எழுத வைத்தோம்.

"எல்லாக் கடைகளுக்கும் 30 நாள்தான் கடன்" என்பது முதல் பரிந்துரை. அதற்குப் பக்க எண் இருந்தது; ஆனால் அந்தப் பக்கம் சொல்வது வேறு. அக்டோபர் முதல் மழையில் பாக்கி ஏறுகிறது, கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் கொஞ்சம் இறங்குகிறது, ஏப்ரல், மே சீசனில் தீர்கிறது. ஆகவே கடைக்காரர் பணத்தை வைத்துக்கொண்டு இழுத்தடிக்கவில்லை. நவம்பரில் அவர் கல்லாவில் பணமே இல்லை. 30 நாள் என்று கறார் செய்தால் அடுத்த மொத்தக் கடைக்குப் போய்விடுவார்.

அதற்காக மே வரை காத்திருக்கவும் முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்த கடைக்காரர் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். (பணம் கொடுத்த பிறகு சலுகையை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்; வட்டி போனது போனதுதான். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.) அக்டோபர் முதல் தேதி பில்லுக்கு மார்ச் 30-இல் கெடு முடிகிறது. அதாவது சீசன் தொடங்கும் முன்பே. நவம்பர் முதல் தேதி பில்லுக்கு ஏப்ரல் 30.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் பரிந்துரை தானாகவே மாறிவிட்டது. அக்டோபர் பில்கள் புத்தாண்டு வரும்படியிலிருந்து ஜனவரி 15-க்குள். நவம்பர், டிசம்பர் பில்கள் ஏப்ரல் 25-க்குள். சென்ற மழைக்காலத்தில் எடுத்த அளவுக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் கடன் இல்லை. இதற்கு வேண்டியது பேரேட்டில் இன்னொரு பத்தி மட்டுமே.

"வார இறுதிக் கூட்டத்தைப் பெருக்க விளம்பரம் செய்க" என்றது இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பு கட்டியது. வரம்பு போட்ட நாளில் கூட்டத்தைக் கூட்டுவது மளிகைக்காரர் கையில் இல்லை. அடித்துவிட்டோம். ஆர்டருக்குச் செல்போன் செயலி என்ற பரிந்துரையும் போயிற்று. போனில் ஆர்டர் கொடுப்பதில் குறை என்று ஒரு கடைக்காரர்கூடச் சொன்னதாக அறிக்கையில் இல்லை.

பிறகு தலைகீழாகவும் பார்த்தோம். எந்தப் பரிந்துரையும் பிறக்காத தகவல் ஏதாவது உண்டா? இருந்தது, அதுவும் அறிக்கையிலேயே சிறந்த தகவல். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துக் கடைகளுக்கு மூடை வாடகைதான் பெரிய சுமை. அதே ஊர்களிலிருந்து கேரட், உருளை, பூண்டு ஏற்றிக் கீழே வரும் லாரிகள் பல, காலியாகத் திரும்புகின்றன. இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருந்ததால் பிள்ளைகள் சேர்த்துப் பார்க்கவில்லை போலும்!

அதிலிருந்து எழுதிய பரிந்துரை இது: திரும்பும் காய்கறி லாரியில் வாரம் ஒருமுறை அரிசி, பருப்பு, எண்ணெய் டின் அனுப்புவது. மதுரைக்குப் போய் வத்தலக்குண்டு வழியாகத் திரும்பும் லாரிகள்தாம் இதற்கு உதவும்; ஒட்டன்சத்திரத்தில் இறக்கிவிட்டுப் பழனிச் சாலையில் ஏறுபவை உதவா. பூண்டு ஏற்றிய லாரியில் தேயிலைத்தூள் கூடவே கூடாது, வாடை பிடித்துக்கொள்ளும். ஈரத்தட்டில் சர்க்கரையும் மைதாவும் கெடும் என்பதால் தார்ப்பாய் நம் செலவு. முதலில் ஒரு லாரி, இரண்டு ஊர். மூன்று மாதம் பார்த்து, மூடைக்கு வாடகை குறையாவிட்டால் நிறுத்திவிடுவது என்பதையும் அந்தப் பரிந்துரையிலேயே எழுதிச் சேர்த்தோம்.