விலைக்கு இன்பொக்ஸ் வரச் சொல்லும் நகைக்கடைகள்

பெருநாள் நெருங்கினால் நம் கண்டி, அக்குறணை, மடவளைப் பக்கத்து பேஸ்புக்கெல்லாம் தங்கமாகவே மின்னுகிறது. "செய்கூலி முற்றிலும் இலவசம், விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்று போடுகிறார்கள். விலையைச் சொல்ல இரகசிய அறை எதற்கு?

தரம் 8 பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சதவீதக் கணக்குத்தான் இது. கணக்குக்காக 22 கரட் கிராம் 40,000 ரூபா என்று வைப்போம். ஒரு பவுன் சங்கிலி 8 கிராம், அதாவது 320,000. சாதாரண நாளில் சேதாரம் 12 சதவீதம் (38,400), செய்கூலி 10,000 போட்டால் மொத்தம் 368,400. பெருநாள் சலுகையில் செய்கூலி இல்லை, ஆனால் சேதாரம் 16 சதவீதம் என்றால் அது 51,200. மொத்தம் 371,200. இலவசத்துக்கு நாம் 2,800 ரூபா கூடக் கொடுத்திருக்கிறோம்! பண்டிகை நேரத்தில் கல்யாணத் தேதி நெருக்க, கடையில் சனம் நெருக்க, யாரும் சேதாரத்தைக் கேட்பதில்லை. அதனால் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே அதே சங்கிலியின் எடை, சேதாரம், கூலி, மொத்தம் நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வையுங்கள். இவற்றைப் பதிவிலேயே போடும் கடைக்கு நான் முதலில் போவேன்.

அடுத்தது தரம். 22 கரட் என்று விற்றது 21 ஆக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேலே சொன்ன விலையில் ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 14,500 ரூபா நஷ்டம். கடைக்காரரே அடித்த 916 முத்திரை அவருடைய வாய்ச்சொல்தான்.

1990களில் இந்தியாவின் தனிஷ்க் தன் கடைகளில் கரட்மீட்டர் என்ற எக்ஸ்ரே கருவியை வைத்தது. வீட்டு நகையைச் சேதமில்லாமல் சில நிமிடத்தில் அளந்து காட்டும். பலருடைய நகை, விற்றவர் சொன்ன தரத்தில் இல்லை என்று தெரிந்தது. தெரியாத கடைமீது நம்பிக்கை வந்தது அப்படித்தான். இன்று அங்கே ஹோல்மார்க் நகையில் 6 எழுத்தும் எண்ணும் கலந்த HUID இருக்கிறது. அதை BIS Care செயலியில் போட்டால் தரம், விற்பனையாளர், அது மோதிரமா சங்கிலியா என்பதும் வரும். வாங்கியது சங்கிலி, செயலி மோதிரம் என்றால் எண் வேறெங்கோ எடுத்தது. இந்தியாவிலிருந்து யாராவது நகை கொண்டுவந்தால் படத்தில் உள்ள எண்ணை நம்பாமல், கையில் உள்ள நகையில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எக்ஸ்ரேக்கும் எல்லை உண்டு. அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். தடித்த தங்க முலாமில் ஏமாறும். கல், மெழுகு உள்ள நகையின் எடையையும் அது பிரித்துச் சொல்லாது. ஆகவே கல்லின் எடையைக் கழித்த தங்க எடை பில்லில் தனியாக வரவேண்டும். சந்தேகம் பெரிதென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் சோதனைக்குக் கொடுக்கலாம்.

இன்பொக்ஸில் கேட்பதானால் இந்த ஒரு வரியைக் கேளுங்கள்: "இதையே அடுத்த வருடம் கொண்டுவந்தால் எந்த எடைக்கு, எந்தக் கரட்டுக்கு, எத்தனை சதவீதம் கழித்து எடுப்பீர்கள்?" பதில் வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து பில்லோடு வையுங்கள்.