பதினாறுக்கு முன்னால் வந்த குறுஞ்செய்தி

மேட்டூர் தண்ணீர் இந்த ஆண்டும் கடைமடைக்கு எட்டுமா என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். எதிர்வீட்டு அம்மா ஒரு கைபேசியைக் கொண்டுவந்து, “இதுக்கு என்ன பதில் போடறதுண்ணே?” என்று கேட்டதில் எல்லாம் போயிற்று.

பையன் ஏழாம் வகுப்பு. ‘தங்கள் மகன் 9 நாட்களாகப் பள்ளிக்கு வருகை தரவில்லை. உரிய காரணம் தெரிவிக்கத் தவறினால் பெயர் நீக்கப்படும் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’ வந்திருந்தது அப்பாவின் கைபேசிக்கு. நெல் பாக்கி வைத்த வியாபாரி கூப்பிடுவார் என்று அதை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். அவருக்குக் காரியம்கூட இன்னும் முடியவில்லை.

‘தெரிவிக்கப்படுகிறது’ என்றாலே எனக்கு உடம்பு எரியும் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மின்வாரிய நோட்டீஸ் பற்றி எழுதியபோது, ‘வாக்கியத்தில் ஆளே இல்லையே, யாரிடம் போய்ச் சண்டை போடுவது?’ என்று கேட்டிருந்தேன். இங்கும் அதுதான். எழுதிய ஆள் இல்லை, படிக்க வேண்டிய ஆளும் இல்லை. போதாக்குறைக்கு மிரட்டலும் வெற்று மிரட்டல். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. இரவெல்லாம் தூங்கவில்லை.

ஆத்திரம் அடங்காமல் என் பெரியம்மா மகளுக்குப் போன் போட்டேன். பாபநாசம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். “செய்தி அனுப்பறதுக்கு முன்னாடி துக்கத்துக்குப் போனாங்களா தம்பி?” என்பதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி.

அக்கா வேலையில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். வகுப்பாசிரியையைக் கூட்டிக்கொண்டு அக்கா முதல் வாரமே போய்வந்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது வழக்கப்படி ‘வர்றேன்’ என்றும் சொல்லவில்லை. இறந்தவரின் எண்ணைப் பள்ளிப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, சித்தப்பாவின் எண்ணைச் சேர்த்தார். பதினாறு முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் கடிதம் போனது. கையால் எழுதி, வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிட்டது. அக்கா மனப்பாடமாகச் சொன்னார்:

‘அம்மா, பிள்ளை பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது, யாரும் எடுக்க மாட்டோம். முதல் வாரம் மதியம் வரை இருந்தால் போதும். உங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் காலையில் வந்து கூட்டிவருவார்கள். வகுப்பில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். விட்டுப்போன கணக்கை நானே சொல்லித் தருவேன். வீட்டில் வேலை ஏதும் தடையாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.’

கடைசி வரிதான் சாவி என்கிறார் அக்கா. பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதாகப் பள்ளிக்கூடம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது ரேஷன் கடை வரிசையில் நிற்கும். புருஷனை இழந்தவள் சில மாதம் வாசல் தாண்டக் கூடாது என்று இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கடை, பால், மாடு, தம்பியைக் குளிப்பாட்டுவது எல்லாம் மூத்த பெண் தலையில் விழுகிறது. அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் வீட்டிலும் அதே கதைதான். சித்தப்பாவிடம் பேசி, மாட்டைக் கொஞ்ச நாள் அவர் கொட்டிலில் கட்ட வைத்தார்கள். பிள்ளை வந்தது.

சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடும் திட்டம் இருக்கிறது. அதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை என்று கேட்டேன். இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் கேட்பார்களாம். “அந்தப் பேப்பரையெல்லாம் அந்தப் பொம்பளை அப்ப கையால தொடுவாளா? பிள்ளை வந்து ஒரு மாசம் ஆனப்புறம் நானே உக்காந்து எழுதினேன்.”

அது நடந்தது குறுஞ்செய்திக் காலத்துக்கு முன்பு என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பள்ளியிலும் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அப்பாவின் படத்தைப் போட்டு, வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகளை அனுப்பியிருந்தார்கள். அக்கா முதல் வேலையாக அதை அழிக்கச் சொன்னாராம்.

எல்லாக் கடிதமும் பலித்ததில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பதினாறு முடியட்டும் என்று அக்கா காத்திருந்தார். காரியம் முடிந்த அன்று ராத்திரியே தாய்மாமன் அவனைத் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார். எமிஸ் தளத்தில் பொதுத் தொகுப்புக்கு அவன் பெயரை விடுவித்தால்தான் அங்கே ஒரு பள்ளி அவனைத் தன் எமிஸ் பதிவில் சேர்த்துக்கொள்ள முடியும். எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கம்பெனியில் சேர்த்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்.

“அதுலேருந்து துக்கம் கேக்கப் போனாலே, மாமன் யாரு, எந்த ஊரு, போன் நம்பர் என்னன்னு பந்தல்லயே விசாரிச்சு வெச்சுக்குவேன்” என்றார் அக்கா.