பள்ளியில் தொலைநோக்கி இரவு: ‘தெரியுது சார்’ என்பதை நம்பலாமா?

மொட்டை மாடியில் ஒரே ஒரு தொலைநோக்கி. பின்னால் நீண்ட வரிசை. “வியாழன் தெரியுதா?” என்று கேட்டால், கண் வைத்த எல்லா மாணவர்களும் சொல்வது ஒன்றுதான்: “தெரியுது சார்!” ஆனால் அதில் பலர் பார்த்தது வெறும் கருப்பு வானமாக இருக்கலாம். அது எப்படி?

காரணம், பூமி சுற்றுவது. பள்ளிகளுக்காகவே 2009 சர்வதேச வானியல் ஆண்டில் மலிவாக உருவாக்கப்பட்ட கலிலியோஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். மாணவர்களே பொருத்தக்கூடிய இந்தக் கருவியின் முன்லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம், 25 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதில் ஒரே நேரத்தில் தெரியும் வானத்தின் அகலம் ஒன்றரை டிகிரிதான். வானமோ 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. அப்படியென்றால், நடுவில் வைத்த வியாழன் சுமார் 3 நிமிடத்தில் விளிம்பைத் தாண்டிவிடும். 50 மடங்குக்கு மாற்றினால் ஒன்றரை நிமிடம்கூட தாங்காது. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால், மூன்று பேருக்கு ஒருமுறை யாராவது திரும்பவும் குறிவைத்தே ஆகணும். இடையில் ஒரு மாணவர் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டால், இந்தக் கணக்கும் போச்சு.

வரையச் சொன்னால் தெரிந்துவிடும்

உண்மையில் பார்த்தார்களா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு. “தெரியுதா?” என்று கேட்காமல், பார்த்ததை வரையச் சொல்ல வேண்டும். வியாழன் என்றால் ஒரு சிறு வட்டமும், அதன் இருபுறமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் சில புள்ளிகளும் வரும். அந்தப் புள்ளிகள்தான் நிலவுகள்.

சரிபார்க்க, ஸ்டெல்லேரியம் என்ற இலவச வான்வரைபட மென்பொருள் போதும். ஆனால் அதில் முதலில் சொந்த ஊரைக் கொடுக்கணும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நியூயார்க்குக்கான வரைபடத்தை அச்சடித்தால் அது 40 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும், குழப்பம்தான் மிச்சம். இன்னொன்று, கலிலியோஸ்கோப் தலைகீழாகக் காட்டும். எனவே மாணவர் வரைந்த தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்துதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு இரவு போதுமா?

பெரும்பாலும் ஒரே இரவோடு நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. பிரச்சினையே இங்குதான். வியாழனின் ‘ஐஓ’ நிலவு ஒரு சுற்று சுற்ற சுமார் 42 மணி நேரம் ஆகும். இன்று இரவு 8 மணிக்கு ஒரு ஓரத்தில் தள்ளி நின்றால், நாளை அதே 8 மணிக்கு பாதிச் சுற்றைத் தாண்டி மறுபக்கம் போயிருக்கும். முதல் நாள் தாளையும் இரண்டாம் நாள் தாளையும் பக்கத்தில் வைத்தால், நிலவு சுற்றுகிறது என்பதை ஆசிரியர் சொல்லவே தேவையில்லை.

நான்குக்குப் பதில் மூன்று புள்ளி வரைந்த மாணவருக்கு மார்க் குறைக்கவும் கூடாது. ஒரு நிலவு வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ இருந்திருக்கலாம். 1610 ஜனவரி 7-ம் தேதி கலிலியோ குறித்து வைத்ததும் மூன்றுதான். நான்காவது அவருக்குச் சிக்கியது 13-ம் தேதி!