வேலையும் வேலைக்காலமும்

எட்டு வார இன்டர்ன்ஷிப்புக்குப் பத்துப் பக்க ஒப்பந்தம் வருகிறது. மறுநாளே கையெழுத்திட்டு அனுப்பச் சொல்கிறார்கள். மாணவர்கள் ஸ்டைபண்ட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள்.

'பயிற்சிக் காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்' என்ற வரியை அவர்கள் நின்று படிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் முதலாளிக்கு இவ்வளவு தாராளம் காட்டவில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியரோ தொழில் பழகுநரோ தம் வேலையாகச் செய்ததற்கே அதன் 17-ஆவது பிரிவு முதலாளியை உரிமையாளராக்குகிறது. வேலையாகச் செய்தது வேறு, வேலைக்காலத்தில் செய்தது வேறு.

கோவையில் ஒரு மாணவி மாதம் 8,000 ரூபாய்க்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளில் வேலை செய்கிறார். இரவில் சொந்த லேப்டாப்பில், இரண்டாம் ஆண்டில் தொடங்கிய பேருந்து நேரச் செயலியை மெருகேற்றுகிறார். அந்த வரியை அப்படியே ஏற்றால், இரவில் எழுதியதற்கும் நிறுவனம் உரிமை கோரலாம். 'நிறுவனம் ஒப்படைத்த பணிக்காக உருவாக்குபவை' என்று திருத்தி, பழைய புராஜெக்டுகளின் பெயர்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. இதையும் மறுக்கும் நிறுவனத்தின் நோக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

ரகசியக் காப்பு நியாயமான கோரிக்கைதான். வாடிக்கையாளர் விவரங்களை வெளியே சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 'பயிற்சியில் அறிந்த எதையும் எவரிடமும் சொல்லக் கூடாது' என்று எழுதினால், அதே மாணவி கல்லூரிக்குத் தர வேண்டிய பயிற்சி அறிக்கையே ஒப்பந்த மீறலாகிவிடும். எவை ரகசியம், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதோடு, கல்லூரி அறிக்கைக்கு விலக்கு உண்டு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் காலம்தான் வேடிக்கை. எட்டு வாரப் பயிற்சியில் மாணவர் விலக 30 நாள் முன்னறிவிப்பாம். நிறுவனம் மட்டும் அன்றே அனுப்பிவிடலாமாம். மாணவர் முன்னறிவிப்புத் தரத் தவறினால் 25,000 ரூபாய் என்றும் சிலர் எழுதிவைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனாலும், சான்றிதழுக்காகக் காத்திருக்கும் மாணவர் நீதிமன்றம் போவாரா? இரு தரப்புக்கும் ஒரே ஏழு நாள் என்பதே இவ்வளவு குறுகிய பயிற்சிக்குப் பொருத்தம்.

இருபது வயது மாணவர் தனியாக இந்தப் பேரம் பேச முடியாது. நிறுவனங்களை வளாகத்துக்கு அழைக்கும் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகங்கள்தான் ஒப்பந்தத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்து, இந்த மூன்று இடங்களிலும் திருத்தம் கேட்க வேண்டும். திருத்த மறுக்கும் நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு அழைப்பு போகக் கூடாது.